ஏழுக்கு மேலா, ஏழுக்குக் கீழா? இரு தாயக்கட்டைகள் கூறும் கணக்கு

களியாட்ட நிகழ்வுகளிலும் சந்தைக் கூடல்களிலும் பல நாடுகளில் காணப்படும் ஒரு சூதாட்டம் உண்டு. மேசையொன்றின் மீது மூன்று கட்டங்கள் வரையப்பட்ட விரிப்பொன்று கிடக்கும். ஒரு கட்டம் ‘ஏழுக்குக் கீழ்’, மற்றையது ‘ஏழுக்கு மேல்’, நடுவிலுள்ளது ‘ஏழு’. ஆட வருபவர் தமது பணத்தை ஏதேனும் ஒரு கட்டத்தில் வைப்பார். மேசைக்காரர் இரண்டு தாயக்கட்டைகளை ஒரு குவளையில் இட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார். இரு கட்டைகளின் மேல் முகங்களிலுள்ள எண்களின் கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிக்கும். கீழ் அல்லது மேல் என்ற கட்டத்தில் 100 ரூபாவை வைத்து வென்றவருக்கு, வைத்த பணத்துடன் மேலும் 100 ரூபா கிடைக்கும். நடுவிலுள்ள ஏழில் வைத்து வென்றவருக்கு, வைத்த பணத்துடன் அதன் நான்கு மடங்கு, அதாவது 400 ரூபா கிடைக்கும். இதுவே இவ்வாட்டத்தின் வழமையான விதியாகும்.

மேசையைச் சூழ்ந்து நிற்போரிடையே நிலவும் கருத்து எளிமையானது. இரு கட்டைகளின் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை, ஆக 11 விதமாக வரலாம். அவற்றுள் ஐந்து ஏழுக்குக் கீழ், ஐந்து ஏழுக்கு மேல், ஒன்று மட்டுமே ஏழு. ஆகவே கீழிலோ மேலிலோ பணம் வைப்பவருக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு; மேசைக்காரருக்கு எஞ்சுவது அந்த ஒற்றை ஏழு மட்டுமே. பதினொன்றில் ஒரு பங்கு தானே, அவரும் பிழைக்க வேண்டாமா என்று பெருந்தன்மையுடன் கூறுவோரும் உளர்.

இக்கருத்துத் தவறானது. அது சிறிய தவறுமன்று. ஆட வருபவர் இழக்கும் பணத்தில் ஏறத்தாழ அரைப்பங்கை இத்தவறான எண்ணிக்கை அவரது கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது. சூது எமது மக்கள் பின்பற்றும் சமயங்களாலும் அறநூல்களாலும் விலக்கப்பட்டதொன்று. புனித அல்குர்ஆன் அதனைத் தடுத்துள்ளது. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிக் கண்டித்துள்ளது. அக்கண்டனங்களை நாம் இங்கு மீண்டும் எடுத்துரைக்கப் புகவில்லை. அந்த மேசையின் மீது உண்மையில் என்ன நிகழ்கின்றது என்பதனை எண்ணிக் காட்டுவதே எமது நோக்கமாகும். இக்கணக்கிற்குச் சாதாரண தர வகுப்பு மாணவர் கற்கும் நிகழ்தகவுப் பாடத்திற்கு மேற்பட்ட அறிவு எதுவும் தேவையில்லை.

எதனை எண்ணுவது?

ஒரு தாயக்கட்டையை மட்டும் உருட்டினால் ஆறு முகங்களுள் எதுவும் மேலே வரலாம். கட்டை சீரானதாயின் அவற்றுள் ஒன்றுக்கு மற்றையதைவிட அதிக வாய்ப்பில்லை. எனவே அங்கு முகங்களை எண்ணினாலே போதும். ஆனால் இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை என்று வரும்போது, கூட்டுத்தொகைகளை எண்ணுவதில் பயனில்லை. ஏனெனில் 2 என்ற கூட்டுத்தொகையும் 7 என்ற கூட்டுத்தொகையும் சமமான வாய்ப்புடையவை என்று கொள்வதற்கு எவ்வித ஆதாரமும் கிடையாது. 2 வரவேண்டுமாயின் இரு கட்டைகளும் 1 ஐக் காட்டவேண்டும், வேறு வழியில்லை. 7 வருவதற்கோ ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் எனப் பல வழிகள் உண்டு. எண்ணப்பட வேண்டியவை சமமான வாய்ப்புடைய பேறுகளே. பதினொரு கூட்டுத்தொகைகள் அத்தகையன அல்ல.

இதுவரை பலரும் இலகுவில் ஏற்றுக்கொள்வர். அடுத்த படியிலேயே பெரும்பாலானோர் இடறுகின்றனர். கூட்டுத்தொகைகளை விடுத்து, கட்டைகள் காட்டும் எண்சோடிகளை எண்ணத் தொடங்கினால், ஒன்றும் ஒன்றும், ஒன்றும் இரண்டும், ஒன்றும் மூன்றும் என்று தொடங்கி ஆறும் ஆறும் வரை 21 சோடிகள் கிடைக்கும். இவை சமமான வாய்ப்புடையனவா? அல்ல என்பதே விடை. இதனைக் காண்பதற்கு ஒரு கட்டை சிவப்பு, மற்றையது பச்சை என்று கொள்வோம்.

சிவப்புக் கட்டை ஆறு விதமாக விழலாம். அது எவ்வாறு விழுந்தாலும் பச்சைக் கட்டை அதனைப் பற்றி எதுவும் அறியாது. அதுவும் தன்பாட்டில் ஆறு விதமாக விழலாம். ஆகவே மொத்தம் ஆறு ஆறுகள், 36 பேறுகள். இவை யாவும் சமமான வாய்ப்புடையன. சாதாரண தர மாணவர் கொப்பியில் வரையும் நெய்யரி, கிடையாகச் சிவப்பின் ஆறு எண்களையும் நிலைக்குத்தாகப் பச்சையின் ஆறு எண்களையும் கொண்டு இந்த 36 புள்ளிகளையே காட்டுகின்றது. அதில் ‘ஐந்தும் ஆறும்’ என்ற சோடி எங்கே உள்ளது என்று தேடினால் இரு புள்ளிகள் தென்படும்: சிவப்பில் 5 பச்சையில் 6 என்பது ஒன்று, சிவப்பில் 6 பச்சையில் 5 என்பது மற்றொன்று. ‘ஆறும் ஆறும்’ என்பதற்கு ஒரேயொரு புள்ளிதான் உண்டு. எனவே வெவ்வேறு எண்களைக் கொண்ட 15 சோடிகள் ஒவ்வொன்றும் இரு தடவையும், ஒரே எண்ணைக் கொண்ட 6 சோடிகள் ஒவ்வொன்றும் ஒரு தடவையும் எண்ணப்பட வேண்டும். 30 உடன் 6 ஐக் கூட்ட 36 வருகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். மேசையிலுள்ள கட்டைகள் இரண்டும் ஒரே வெள்ளை நிறமாயிற்றே, எது ஐந்து எது ஆறு என்று யாராலும் பிரித்தறிய முடியாதே என்பதே அது. ஆயின், வெள்ளைக் கட்டையொன்றின் மீது சிறு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டால் அது விழும் விதம் மாறிவிடுமா? மாறாது. பிரித்தறிய இயலாமை எமது கண்ணின் குறைபாடேயன்றி, கட்டைகளின் இயல்பன்று. அவை எப்போதும் இரு வேறு பொருள்களே.

மேதைகளும் இடறிய இடம்

இத்தவறைச் செய்தவர் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நியூற்றனுக்கு இணையாக நுண்கணிதத்தைத் தோற்றுவித்த ஜேர்மனிய மேதை லைப்னிற்ஸ், 1714 ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், இரு தாயக்கட்டைகளைக் கொண்டு 12 ஐப் பெறுவதும் 11 ஐப் பெறுவதும் ஒரேயளவு இலகுவானவை என்றே கூறியுள்ளார். ஒவ்வொன்றும் ஒரேயொரு வழியிலேயே வரமுடியும் என்பது அவர் காட்டிய காரணம். ‘ஐந்தும் ஆறும்’ என்ற சோடிக்கு நெய்யரியில் இரு புள்ளிகள் உண்டு என்பதனை அவர் கவனிக்கத் தவறிவிட்டார். உண்மையில் 11 வருவதற்கான வாய்ப்பு 12 வருவதற்கான வாய்ப்பின் இரு மடங்காகும். கட்டைகளை 360 தடவைகள் உருட்டினால் 11 ஏறத்தாழ 20 தடவைகளும் 12 ஏறத்தாழ 10 தடவைகளும் வருமென எதிர்பார்க்கலாம்.

வியப்பு யாதெனில், லைப்னிற்ஸுக்கு நெடுங்காலம் முன்னரே இக்கணக்குச் சரியாக எண்ணப்பட்டிருந்தமையாகும். 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய மருத்துவரும் சூதாட்டப் பிரியருமான கார்டானோ, இரு கட்டைகளுக்கு 36 பேறுகள் என்று தமது நூலில் எழுதியிருந்தார். அந்நூல் அவர் இறந்து பல ஆண்டுகளின் பின்னர் 1663 இலேயே அச்சேறியது. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலிலியோ மூன்று கட்டைகளுக்கான கணக்கைத் தீர்த்துவைத்தார். 9 ஐயும் 10 ஐயும் தரக்கூடிய எண்கூட்டங்கள் ஆறு ஆறாக இருந்தும், அனுபவத்தில் 10 சற்று அதிகமாக வருவது ஏன் என்பதே அன்று ஆட்டக்காரரைக் குழப்பிய வினா. கட்டைகளைத் தனித்தனியே எண்ணிப்பார்த்தால், மொத்தம் 216 பேறுகளுள் 9 க்கு 25 உம் 10 க்கு 27 உம் உண்டு என்று அவர் காட்டினார்.

ஏழு ஏன் முன்னிற்கின்றது?

இனி ஒவ்வொரு கூட்டுத்தொகைக்குமுரிய வழிகளை எண்ணுவோம். இதற்குப் பட்டியலை மனனம் செய்யவேண்டிய அவசியமில்லை. சிவப்புக் கட்டை முதலில் விழுந்துவிட்டது என்று கொண்டு, குறித்த கூட்டுத்தொகையை நிறைவுசெய்யப் பச்சைக் கட்டை என்ன காட்டவேண்டும் என்று கேட்டாலே போதும்.

வேண்டிய தொகை 7 ஆயின், சிவப்பு 1 எனில் பச்சை 6, சிவப்பு 2 எனில் பச்சை 5 என்றவாறு, சிவப்பு எதனைக் காட்டினாலும் அதனை நிறைவுசெய்யும் முகமொன்று பச்சையில் உண்டு. ஒன்று மட்டுமே உண்டு. ஆகவே 7 க்கு ஆறு வழிகள். வேண்டிய தொகை 8 ஆயின், சிவப்பு 1 ஐக் காட்டிய கணமே வாய்ப்புப் போய்விடுகின்றது. பச்சையில் 7 என்ற முகம் இல்லை. எஞ்சிய ஐந்துக்கும் நிறைவு உண்டு. ஆகவே 8 க்கு ஐந்து வழிகள். 9 க்குச் சிவப்பின் 1 உம் 2 உம் பயனற்றுப் போக, நான்கு வழிகள். இவ்வாறு ஒவ்வொன்றாகக் குறைந்து 10 க்கு மூன்றும், 11 க்கு இரண்டும், 12 க்கு ஒன்றுமாக வந்து முடிகின்றது.

மறுபுறமும் அவ்வாறே. வேண்டிய தொகை 6 ஆயின் சிவப்பு 6 ஐக் காட்டக்கூடாது, ஐந்து வழிகள். 5 க்கு நான்கு, 4 க்கு மூன்று, 3 க்கு இரண்டு, 2 க்கு ஒன்று. ஏழு வரையிலான தொகைகளுக்கு அத்தொகையிலிருந்து 1 ஐக் கழித்தால் வழிகளின் எண்ணிக்கை வரும். ஏழும் அதற்கு மேற்பட்டனவுமாயின் 13 இலிருந்து அத்தொகையைக் கழிக்கவேண்டும். எண்ணியது சரியா என்று அறிய, யாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். கீழே 1, 2, 3, 4, 5 என 15, நடுவில் 6, மேலே மீண்டும் 15. மொத்தம் 36. இத்தொகை வராவிடின் எங்கோ ஒரு சோடி தவறவிடப்பட்டுள்ளது என்பது திண்ணம்.

இரு புறமும் இவ்வாறு ஒத்திருப்பதற்குக் கட்டையின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. சீரான தாயக்கட்டையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 ஆகும். ஒன்றின் எதிரே ஆறு, இரண்டின் எதிரே ஐந்து, மூன்றின் எதிரே நான்கு. எனவே கண்ணாடி மேசையொன்றில் கட்டைகள் விழுந்து, மேலிருந்து பார்ப்பவர் 9 ஐக் காண்பாராயின், மேசைக்கு அடியிலிருந்து பார்ப்பவர் 5 ஐக் காண்பார். மேல் தொகையும் கீழ்த் தொகையும் சேர்ந்து எப்போதும் 14. ஆகவே 9 க்குரிய ஒவ்வொரு வழியும் 5 க்குரிய ஒரு வழியாகும். ஏழைக் காண்பவருக்கு மட்டும் மேலும் கீழும் ஒன்றே.

மேசையின் வருமானம்

இப்போது மேசைக்குத் திரும்புவோம். ஒருவர் 36 ஆட்டங்களில் தலா 100 ரூபாவை ‘ஏழுக்குக் கீழ்’ என்ற கட்டத்தில் வைக்கின்றார் என்று கொள்வோம். வைத்த பணம் 3600 ரூபா. சராசரியாக 15 ஆட்டங்களில் வென்று ஒவ்வொன்றிலும் 200 ரூபாவைக் கையில் எடுப்பார். அது 3000 ரூபா. மேசையில் தங்குவது 600 ரூபா. ‘ஏழுக்கு மேல்’ என்று வைத்தாலும் வெல்வதற்கான வழிகள் 15 என்பதால் இதே கணக்குத்தான். சரி, நான்கு மடங்கு தரும் ஏழில் வைத்தால் என்ன? அங்கு 6 ஆட்டங்களில் வென்று ஒவ்வொன்றிலும் 500 ரூபாவை எடுப்பார். அதுவும் 3000 ரூபா. மேசையில் தங்குவது மீண்டும் 600.

மூன்று கட்டங்கள் என்பது மூன்று தெரிவுகள் போன்ற தோற்றத்தைத் தருகின்றதேயன்றி, எதில் வைத்தாலும் இழப்பு ஒன்றே: ஆறில் ஒரு பங்கு, நூற்றுக்கு ஏறத்தாழ 17 ரூபா. பதினொரு தொகைகளும் சமமெனக் கருதியவர், கீழ் அல்லது மேல் கட்டத்தில் தாம் பதினொன்றில் ஒரு பங்கை, அதாவது நூற்றுக்கு 9 ரூபாவை மட்டுமே இழப்பதாக எண்ணியிருப்பார். 21 சோடிகளும் சமமெனக் கருதியவர் ஏழில் ஒரு பங்கு என்று எண்ணியிருப்பார். சரியாக எண்ணியவருக்கே ஆறில் ஒரு பங்கு என்பது புலப்படும். ஆட்டம் நியாயமானதாக இருக்கவேண்டுமாயின், வென்றவருக்கு மேலதிகமாகக் கீழுக்கும் மேலுக்கும் 140 ரூபாவும், ஏழுக்கு 500 ரூபாவும் வழங்கப்பட வேண்டும். 140 க்கும் 100 க்கும் இடையிலான அந்த 40 ரூபாவே மேசைக்காரரின் வருமானமாகும்.

அவ்வாறாயின் சிலர் பணத்துடன் திரும்புவதைக் கண்ணாரக் காண்கின்றோமே என்று கேட்கலாம். உண்மைதான். 100 ரூபா வீதம் 50 ஆட்டங்களைக் கீழ்க் கட்டத்திலேயே ஆடும் ஒருவர் சராசரியாக 830 ரூபாவுக்குச் சற்று அதிகமாக இழப்பார். ஆயினும் அவ்வாறு ஆடும் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இலாபத்துடனேயே எழுந்து செல்வார். அந்த ஒருவரின் கதையே ஊரில் பேசப்படும். ஏனையோர் தமது கதையை வீட்டிலும் கூறுவதில்லை.

மற்றொரு மயக்கத்தையும் இங்கு சுட்டவேண்டும். தொடர்ந்து ஐந்து தடவைகள் ஏழுக்கு மேல் வந்துவிட்டால், இனிக் கீழ்தான் வரும் என்று கூறிப் பணத்தை இரட்டிப்பாக்குவோர் பலர். தாயக்கட்டைக்கு நினைவு என்று ஒன்றில்லை. ஆறாவது தடவையும் அது 36 வழிகளுள் ஒன்றிலேயே விழும். கீழுக்குரியவை அப்போதும் 15 தான்.

கட்டையே பொய்யானால்

இதுவரை கூறியவை யாவும் சீரான கட்டைகளுக்கே பொருந்தும். கட்டையொன்றில் 1 என்ற முகத்தை நீக்கி அவ்விடத்தில் இரண்டாவது 6 ஐப் பொறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்பொய்க் கட்டை 2 ஐக் காட்டினால் நல்ல கட்டையின் நான்கு முகங்களும், 3 ஐக் காட்டினால் மூன்றும், 4 ஐக் காட்டினால் இரண்டும், 5 ஐக் காட்டினால் ஒன்றும் ஏழுக்குக் கீழான தொகையைத் தரும். இரு ஆறுகளும் எதனையும் தரமாட்டா. ஆகவே ஏழுக்குக் கீழான வழிகள் 15 இலிருந்து 10 ஆகக் குறைகின்றன. மேலானவை 20 ஆகின்றன. ஏழுக்குரிய வழிகளோ மாறாமல் 6 ஆகவே நிற்கின்றன. ஏனெனில் பொய்க் கட்டை எதனைக் காட்டினாலும் நல்ல கட்டையில் அதனை நிறைவுசெய்யும் முகம் ஒன்று இருக்கவே செய்கின்றது. ஒரு கட்டை நல்லதாக இருக்கும்வரை, மற்றையது எத்துணைப் பொய்யானதாயினும், ஏழுக்கான வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். எனவே ஏழு வரவேண்டிய அளவுக்கு வருகின்றதே, ஆட்டம் நேர்மையானதுதான் என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும். கீழும் மேலும் சமமாக வருகின்றனவா என்றே பார்க்கவேண்டும்.

அதனையும் சில உருட்டல்களைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. நல்ல கட்டைகளை 36 தடவைகள் உருட்டும்போது ஏழுக்குக் கீழான தொகை 9 தடவைகள் முதல் 21 தடவைகள் வரை வருவது சாதாரணமானது. 10 தடவைகள் மட்டும் வந்ததைக் கொண்டு எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆனால் 360 தடவைகள் உருட்டினால் நல்ல கட்டைகள் 150 ஐ அண்மித்து, பெரும்பாலும் 131 க்கும் 169 க்கும் இடையே நிற்கும். பொய்க் கட்டை 100 ஐ அண்மித்து நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இதனைவிட இலகுவான வழி கட்டையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதாகும். எங்கிருந்து நோக்கினும் ஒரே நேரத்தில் கட்டையின் மூன்று முகங்களுக்கு மேல் தென்படா; எதிரெதிர் முகங்கள் ஒருபோதும் சேர்ந்து தென்படா. 1 இருந்த இடத்தில் பொறிக்கப்பட்ட ஆறு, மற்றைய ஆறின் எதிர்முகத்திலேயே இருப்பதனால், சூழ்ந்து நின்று பார்க்கும் எவரது கண்ணிலும் அது படுவதில்லை. எதிர்முகங்களைக் கூட்டி 7 வருகின்றதா என்று மும்முறை பார்த்தால் போதுமானது.

எனினும், மேசைக்காரர் ஏமாற்ற வேண்டிய தேவையே பொதுவாக இல்லை என்பதனையே நாம் இறுதியாக வலியுறுத்த விரும்புகின்றோம். கட்டைகள் முற்றிலும் நேர்மையானவையாக இருந்தாலும், ஒவ்வொரு நூறு ரூபாவிலும் ஏறத்தாழ 17 ரூபா அவரிடமே தங்கிவிடுகின்றது. ஒரு நாட்கூலியைக் கையில் கொண்டு மேசையை அணுகுபவர், தமது அதிர்ஷ்டத்தை எதிர்த்து ஆடுவதாகவே எண்ணுகின்றார். அவர் எதிர்த்து ஆடுவது 15 வழிகளை வைத்துக்கொண்டு 21 வழிகளையாகும்.